குச்சிக் கட்டோடு வந்த வெள்ளை

இளம்பிள்ளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. கஞ்சமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம், அதில் குச்சிக்கிழங்கு. கடிதத்தின் முக்கியமான பகுதியை அவர் எழுதியபடியே தருகிறேன்.

“ஐயா, தையில நட்டேனுங்க. ஒரு ஏக்கருக்கு எங்க குச்சியே இருந்தது. இன்னொரு ஏக்கருக்குப் பத்தலைனு வெளி மாவட்டத்துல இருந்து லாரியில வந்த தாய்லாந்துக் குச்சி வாங்கினேனுங்க. சித்திரையில பார்த்தா, வாங்குன குச்சி நட்ட ஏக்கர்ல கொழுந்தெல்லாம் சுருண்டு உருண்டை உருண்டையா நிக்குது. பிரிச்சுப் பார்த்தா உள்ள வெள்ளையா மாவு. கடையில கேட்டு மூணு தடவை மருந்து அடிச்சேனுங்க. அடிச்ச பத்து நாளைக்குப் பரவாயில்லை, அப்புறம் முன்னைவிட அதிகமாகுது. கிணத்து மேட்டுப் பப்பாளியிலயும் அதே மாவு இருக்குது. அங்க இருந்துதான் வந்துச்சுன்னு மரத்தை வெட்டிரலாம்னு இருக்கேன். மொத்தத்தையும் புடுங்கிட்டு வேற ஏதாச்சும் போடட்டுங்களா?”

பிடுங்க வேண்டாம். அடுத்த டேங்க் மருந்தும் கலக்க வேண்டாம். பப்பாளியை வெட்டுவதும் இப்போதைக்கு நிற்கட்டும். கடிதம் வந்த அன்றே அவருக்குத் தொலைபேசியில் இதைத்தான் சொன்னேன். கூடவே ஒரு சின்ன வேலையும் கொடுத்தேன். மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கும் ஸ்பிரிட்டை இரண்டு சின்ன பாட்டில்களில் பாதியளவு ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒன்றில் குச்சிக்கிழங்குக் கொழுந்திலிருந்து பத்துப் பதினைந்து பூச்சி, இன்னொன்றில் பப்பாளியிலிருந்து அதே அளவு. பாட்டில் மேல் எது எங்கே எடுத்தது என்று எழுதி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கச் சொன்னேன்.

பப்பாளிப் பூச்சி இருந்த பாட்டிலில் உடல்கள் நீலக் கறுப்பாக மாறிவிட்டன. குச்சிக்கிழங்குப் பூச்சி அப்படி மாறவில்லை. பார்வைக்கு ஒரே மாவாகத் தெரிந்தாலும், அவர் தோட்டத்தில் இருப்பவை வெவ்வேறு பூச்சிகள். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வழியில் இந்த மண்ணுக்கு வந்தவை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு உதவாது.

பப்பாளியில் இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, குச்சிக்கிழங்கு என்று கண்ட செடியிலெல்லாம் வாழும். அதன் உடல் மஞ்சள் நிறம். விரலால் நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். இலையின் அடிப்புறத்தில் நரம்பை ஒட்டித் திட்டாக அப்பியிருக்கும். அது கழிக்கும் இனிப்புப் பிசினில் கரும்பூஞ்சை படர்ந்து, கீழ் இலைகள் கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

வாங்கிய குச்சியில் வந்திருப்பது மரவள்ளி மாவுப்பூச்சி. அறிவியல் பெயர் பெனகாக்கஸ் மனிஹோட்டி. உடல் இளஞ்சிவப்பு, மேலே மெல்லிய வெள்ளைப் பொடி. இது கொழுந்தைத் தேடிப் போகும். உறிஞ்சும்போது அது செலுத்தும் எச்சில் செடிக்கு நஞ்சு. கணுவிடை சுருங்கி, இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி, நுனி முழுவதும் ஒரு கொத்தாகிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் இதை ‘முடிக்கொத்து’ என்கிறோம். தாக்குதல் விட்டு விட்டு வந்தால் தண்டில் அது அப்படியே பதிந்திருக்கும்: கொஞ்சம் நீளமான கணு, பிறகு நெருக்கமான கணு, மறுபடி நீளம், அதுவும் கோணல் மாணலாக. தேமல் நோயோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தேமலில் இலையில் மஞ்சள் திட்டு தெரியும், இலை சிறுத்துக் கோணும். கொழுந்தைப் பிரித்தால் வெள்ளை இருக்காது.

மரவள்ளி மாவுப்பூச்சி வந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழி தெரிந்தால்தான் எங்கே அடைப்பது என்று தெரியும்.

குச்சிக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் அது ஆப்பிரிக்காவுக்கும் நம் மேற்குக் கரைக்கும் வந்தது. அதைத் தின்னும் பூச்சிகள் பெரும்பாலும் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டன. நூற்றாண்டுகளாக இந்தப் பயிர் நமக்கு இவ்வளவு சுலபமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1970-களின் தொடக்கத்தில் அந்த நிலை மாறியது. காங்கோ ஆற்றின் இரு கரையிலும் உள்ள நாடுகளில் கிழங்குச் செடிகள் முடிக்கொத்தாகிக் காயத் தொடங்கின. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த நடவுக்குச்சியோடு இது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் கிழங்கு விளையும் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. 2008-ல் தாய்லாந்தில் தென்பட்டது. இரண்டே ஆண்டில் அந்த நாட்டின் சராசரி விளைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் கண்டார்கள். அதன்பின் சேலம், நாமக்கல், தருமபுரிக் காடுகளுக்கு வர நாளாகவில்லை.

இதற்குச் சிறகு கிடையாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சைக் காற்று பக்கத்துக் காட்டுக்குத் தூக்கிப் போகலாம், ஆட்களின் துணியிலும் ஒட்டும். ஆனால் மாவட்டம் தாண்ட, கடல் தாண்ட அதற்கு ஒரு வாகனம் வேண்டும், அந்த வாகனம் குச்சிக் கட்டு. தரகர் லாரியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவரும் கட்டில், ஒவ்வொரு கணுவின் இலைத் தழும்புக்குள்ளும் மொட்டின் மடிப்புக்குள்ளும் இரண்டொரு பூச்சி உட்கார்ந்திருக்கும். குச்சி காயாமல் இருக்கும் வரை அவையும் சாகாது. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. எல்லாமே பெண், சேராமலேயே முட்டையிடும். அதனால் ஒரே ஒரு குஞ்சு தப்பி வந்தாலும் ஒரு காட்டுக்குப் போதும்.

கிழங்கு லாரி சேகோ ஆலைக்குப் போவதால் வரும் ஆபத்து குறைவு. பூச்சி இருப்பது தண்டில். கிழங்கு லாரியின் மேல் தலையாடைத் தண்டுகளைப் போட்டு மூடிக்கொண்டு போகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வழியெல்லாம் பூச்சி உதிர்கிறது. வெளிநாட்டிலிருந்து செடி, விதை வந்தால் 2003-ஆம் ஆண்டு தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பரிசோதனை உண்டு. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகும் குச்சிக் கட்டை நிறுத்திப் பார்க்க வழியில் யாரும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குகிற விவசாயிதான்.

இனி, மூன்று தடவை அடித்தும் ஏன் போகவில்லை என்ற கேள்வி.

ஒரு தாய்ப்பூச்சி ஏறக்குறைய 400 முட்டையைப் பஞ்சு போன்ற பைக்குள் வைக்கிறது. நம் கோடை வெயிலில் முட்டை தாயாவதற்கு ஒரு மாதம்தான். நீங்கள் அடிக்கும் மருந்து கொத்துக்குள் இறங்குவதில்லை. இறங்கினாலும் மெழுகுப் பொடி தடுக்கிறது, அதையும் மீறினால் பை முட்டையைக் காக்கிறது. நூற்றுக்கு 95 செத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாயின் 400-ல் 20 மிஞ்சும். அடுத்த மாதம் அந்த 20-ம் தாய். மாவு குறைந்ததுபோல் தெரிந்த அந்தப் பத்து நாள், பை வெடித்துக் குஞ்சு வெளிவரும் வரை உள்ள இடைவெளிதான்.

பூச்சியைவிட, அதைத் தின்ன வந்தவைதான் மருந்தில் முதலில் சாகின்றன. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அவற்றில் பல வெளியே திரிகிறவை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் கொஞ்சம் பெரிதாக, வெள்ளைச் சடையோடு வேகமாக நகரும் ஒன்றைப் பார்த்தால் அது பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம். இன்னொன்று, ஸ்பால்ஜிஸ் என்ற சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் இலை தின்னும். இதன் புழு மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. முதுகில் அதே வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் கிடக்கும். அதன் கூட்டுப்புழு, இலை மேலோ தண்டு மேலோ ஒட்டிய குட்டிக் குரங்கு முகம்போல் இருக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. இவை இந்த மாவுப்பூச்சிகள் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவை. வந்தேறிப் பூச்சியைக் கண்டுபிடித்துத் தின்னவும் கற்றுக்கொண்டுவிட்டன. மூன்று டேங்க் மருந்தில் இளம்பிள்ளை வாசகர் இழந்தது இவற்றைத்தான். வரப்பில் இருக்கும் பார்த்தீனியத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் வெளியிலிருந்து தானியத்தோடு வந்த களை. பப்பாளி மாவுப்பூச்சி பயிர் இல்லாத மாதங்களில் அதில் தங்கிக்கொள்கிறது. வரப்பைச் சுத்தமாக வைத்திருப்பது வெறும் அழகுக்காக இல்லை.

ஆனாலும் பொறிவண்டும் ஸ்பால்ஜிஸும் மட்டும் இந்தப் பூச்சியை அடக்கிவிட மாட்டா. அவை கூட்டம் பெருத்த பிறகு வந்து தின்பவை. அதற்குள் செடி கொத்தாகிவிடும். பூச்சி நாலைந்தாக இருக்கும்போதே தேடிப் பிடிக்கும் எதிரி ஒன்று வேண்டும். அது பூச்சியின் தாய்நாட்டில் இருக்கும். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் இபாதான் நகரிலிருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் இந்த வழியில்தான் போனார்.

அந்தத் தேடலில் நேர்ந்த ஒரு தவறு நமக்கும் பாடம். தென் அமெரிக்காவின் வட பகுதியில் குச்சிக்கிழங்கில் அச்சு அசல் அதேபோன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளை எடுத்து ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டால் அவை சீண்டவே இல்லை. பிறகுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. சரியான பூச்சி 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதோடு அதன் எதிரியும். அனகைரஸ் லோபெசி என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத, எறும்பின் தலையளவு உயிர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே பொரித்த புழு பூச்சியைத் தின்று, அதன் தோலையே கூடாக்கிக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டையிட்டு வெளியே வரும். நைஜீரியாவில் விட்ட அந்தக் குளவி பின்னர் ஆப்பிரிக்க நாடு நாடாகப் பரவிக் கிழங்கைக் காப்பாற்றியது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவி பெனின் நாட்டிலிருந்து தாய்லாந்துக்குப் போனது. நமக்கும் பெனினிலிருந்துதான் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதை 2021-ல் தருவித்தது. தடுப்புக்காப்புக் கூடத்தில் அடைத்து வளர்த்து, மற்ற நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்த பிறகு, 2022 மார்ச் 7 அன்று நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளிக்கு விட்டார்கள். வந்தேறியை அடக்க இன்னொரு வந்தேறியைக் கொண்டுவருவதில் இவ்வளவு நிதானம் தேவை. யாராவது வெளிநாட்டுப் பூச்சியைப் பொட்டலத்தில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதே கதை முன்பே நடந்துவிட்டது. 2010-ல் அமெரிக்க வேளாண் துறை மூலம் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் வந்தன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது தமிழ்நாட்டில் நன்றாக ஊன்றிக்கொண்டது. அது மரவள்ளி மாவுப்பூச்சியைத் தொடாது. லோபெசி பப்பாளிப் பூச்சியைத் தொடாது. இதற்காகத்தான் முதலில் ஸ்பிரிட் பாட்டில் வைக்கச் சொன்னேன். இளம்பிள்ளை வாசகரின் பப்பாளி இலைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்: உப்பிய, காய்ந்த, பழுப்பேறிய பூச்சிக் கூடுகள், முதுகில் குண்டூசி முனையளவு ஓட்டை. குளவி வெளியேறிய அடையாளம். அந்தப் பப்பாளி மரம் நல்ல குளவிக்குப் பண்ணையாக இருக்கிறது. அதை வெட்டினால் அடுத்த தடவை அதே பூச்சி கிழங்கில் ஏறும்போது காப்பதற்கு ஆள் இருக்காது.

இந்த மாதம் செய்ய வேண்டியது இதுதான்.

பாதித்த ஏக்கரில் ஐந்து இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் 20 செடி என 100 செடிகளின் நுனியைப் பார்த்து எண்ணுங்கள். எத்தனை கொத்து, எத்தனையில் வெள்ளை, எத்தனையில் பழுப்புக் கூடு என்று ஒரு தாளில் எழுதுங்கள். இளம்பிள்ளை வாசகர் எண்ணியதில் 38 கொத்து. பழுப்புக் கூடு ஒன்றும் இல்லை. அவர் சொந்தக் குச்சி நட்ட ஏக்கரில் கொத்து 3, அவையும் வாங்கிய குச்சி வயலை ஒட்டிய வரிசையில். எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் இந்த இரண்டு எண்ணிலேயே தீர்ந்துவிட்டது.

கொத்தான நுனியை ஒரு சாண் நீளம் வெட்டி, வெட்டும்போதே சாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொண்டு நடந்தால் குஞ்சு உதிரும். பழுப்புக் கூடே இல்லாத நிலையில் உடனே எரித்துவிடலாம். கூடு தென்பட்டால் எரிக்காதீர்கள். ஒரு வாளியில் அந்த நுனிகளைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே ஒரு கல் மேல் வாளியை வையுங்கள். மாவுப்பூச்சிக் குஞ்சு தண்ணீரைத் தாண்டாது. குளவி பறந்து போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மிச்சத்தை எரிக்கலாம். நூற்றுக்கு மூன்று கொத்து மட்டுமே உள்ள ஏக்கரில் இந்த வெட்டே போதும்.

மீதமுள்ளவற்றுக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. மழை பெய்தால் இந்தப் பூச்சி சரிகிறது என்பது எல்லா நாட்டிலும் கண்டது; அதனால்தான் சித்திரையில் ஏறி, மழைக்காலத்தில் இறங்குகிறது. மோட்டார் ஓடும்போது குழாய் முனையை விரலால் அடைத்து, நுனிக்குக் கீழிருந்து மேலாக வேகமாகப் பீய்ச்சுங்கள். வாரம் ஒரு தடவை. தண்ணீருக்கு அடங்காத இடத்துக்கு மட்டும் மீன் எண்ணெய் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, மாலையில் நுனியில் படும்படி அடியுங்கள். இது மெழுகைக் கரைக்கும். பட்ட பூச்சி சாகும். காய்ந்த பிறகு வரும் குளவிக்கு நஞ்சாக நிற்காது. வயல் முழுக்கப் போர்வையாக அடிக்க வேண்டியதில்லை.

எறும்பைக் கவனியுங்கள். பிசினுக்காக எறும்பு மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கும். முட்டையிட வரும் குளவியை விரட்டும். எறும்புச் சாரை ஏறும் செடிகளைத் தேடி, புற்று எங்கே என்று பார்த்து அங்கே வைத்தியம் செய்தால் போதும்.

குளவிக்கு ஏத்தாப்பூர் நிலையத்தில் கேளுங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அவர்களும் வழிகாட்டுவார்கள். கேட்கும்போது எந்தப் பூச்சி, எத்தனை சதம் கொத்து, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கடைசி அடிக்குப் பிறகு மூன்று வாரமாவது போகட்டும். அதற்கு முன் விட்டால் இலையில் மிச்சமிருக்கும் நஞ்சில் குளவி செத்துவிடும். குழாயில் தரும் குளவியை வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் வைத்துக் கொண்டுவராதீர்கள். ஈரத் துணி சுற்றிய பையில் வரட்டும். காலையோ மாலையோ வெயில் தாழ்ந்த நேரத்தில், வெள்ளை நிறைய இருக்கும் செடியின் கொழுந்தருகே குழாயைத் திறந்து சாய்த்துப் பிடித்தால் அதுவே ஏறிப் போகும். அந்தச் செடிகளை வெட்டாமல், மருந்து படாமல் விட்டுவையுங்கள். குளவி பெருக அதுதான் தொட்டில். மூன்று வாரம் கழித்து மறுபடி 100 நுனி எண்ணுங்கள். இப்போது பார்க்க வேண்டியது வெள்ளை எவ்வளவு குறைந்தது என்பதை அல்ல, பழுப்புக் கூடு எத்தனை வந்தது என்பதை. கூடு தெரிந்தால் குளவி ஊன்றிவிட்டது. வெள்ளை குறைய அதற்கு மேலும் ஒன்றிரண்டு தலைமுறை ஆகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து ஒரு டேங்க் அடித்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

குளவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆப்பிரிக்காவில் பார்த்தது, சத்தில்லாத மணல் மண்ணில், மூடாக்கு இல்லாமல் வறண்டு நின்ற காடுகளில் குளவி தோற்றது. வாடிய செடியில் வளரும் மாவுப்பூச்சி சிறுத்துப் போகிறது. சிறுத்த பூச்சியில் குளவி பெரும்பாலும் ஆண் முட்டையே வைக்கிறது. பெண் குறைந்தால் அடுத்த தலைமுறை இல்லை. அங்கே எருவும் மூடாக்கும் இட்ட காடுகளில் நிலைமை தேறியது. கஞ்சமலை அடிவாரச் சரளை மண்ணுக்கு இது அப்படியே பொருந்தும். தொழு உரம் போட்ட, சோளத்தட்டோ காய்ந்த இலையோ பரப்பிய, பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் தவறாத காட்டில்தான் குளவியை நம்பலாம்.

நட்டு நாலு மாதம் ஆன பயிர் தேறும். மழை பிடித்ததும் கொத்துக்குக் கீழிருந்து பக்கக் கிளை வெடிக்கும். கிழங்கு கொஞ்சம் குறையும், மாவுச்சத்தும் குறையலாம். சேகோ ஆலையில் பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும். அதனால் பத்தாம் மாதம் ஆனதும் அவசரமாக வெட்டாமல், செடி இலை விட்டுத் தேறிய பிறகு ஒரு கிழங்கைப் பிடுங்கிப் பார்த்து வெட்டுங்கள். பிடுங்கிவிட்டு வேறு போடுவதைவிட இது லாபம் என்பது என் கணிப்பு.

கடைசியாகக் குச்சி. அடுத்த தையில் இதே கடிதம் வராமல் இருக்க, வேலை இந்த மார்கழியிலேயே தொடங்க வேண்டும்.

மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணை வேண்டும். நல்ல செடி ஒன்றிலிருந்து பத்துக் கரணை தேறும். அப்படியென்றால் ஓர் ஏக்கருக்கு 500 தாய்ச்செடி போதும். இரண்டு ஏக்கருக்கு 1,000. இளம்பிள்ளை வாசகரிடம் சுத்தமான ஏக்கரில் 5,000 செடி நிற்கிறது. அவர் குச்சி பத்தவில்லை என்று வெளியில் வாங்கியதற்குக் காரணம், வெட்டியபின் குச்சியை வெயிலில் போட்டுக் காயவிட்டது என்று பேசும்போது தெரிந்தது. வெட்டுக்கு இரண்டு வாரம் முன்பே காட்டுக்குள் நடந்து, கொத்தும் தேமலும் இல்லாத செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். தறி வீட்டில் துணித் துண்டுக்குப் பஞ்சமில்லை. அந்தச் செடிகளை முதலில், தனியாக வெட்டி, நுனிப் பகுதியையும் அடிக் கட்டையையும் தள்ளி, நடுத் தண்டை மட்டும் எடுங்கள். புளிய மர நிழலில் நிமிர்த்தி வைத்து, மற்றவர் கட்டு எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் அந்த நாட்களில்தான் ஒரு கட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பூச்சி நடந்து போகிறது.

வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டு லாரியிலிருந்து இறங்கும் முன் பத்துக் குச்சியை உருவி, கணுக்களை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் நல்லது. ஒரு கணுவில் பஞ்சுபோல் தெரிந்தாலும் அந்த லோடு வேண்டாம். தண்டில் நெருக்கக் கணுவும் கோணலும் இருந்தால், இப்போது வெள்ளை இல்லாவிட்டாலும் அந்தக் காட்டில் பூச்சி இருந்திருக்கிறது. முடிந்தால் நின்ற பயிரைப் பார்த்துவிட்டுக் குச்சி பேசுங்கள்.

தாய்லாந்தில் சுத்தமான குச்சியைக்கூட நனைத்துத்தான் நடுகிறார்கள். 25 சத தையமெத்தாக்சம் 4 கிராம், 20 லிட்டர் தண்ணீர். அதில் கரணையை 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுவது அவர்கள் முறை. முதல் ஒரு மாதம் முளைக்குக் காப்பு கிடைக்கும், காற்றில் நஞ்சு பறக்காது, பின்னால் வரும் குளவிக்கும் தொந்தரவில்லை. நம் ஊரில் எந்த மருந்து, என்ன அளவு என்பதை அந்தப் பருவத்தில் வேளாண் அலுவலரிடம் கேட்டு, லேபிளைப் படித்துச் செய்யுங்கள். கையுறை போடாமல் கரணையைத் தொடாதீர்கள். ஊறவைத்த மிச்சத் தண்ணீர் கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ போகக் கூடாது. நடும்போது, தரகரிடம் வாங்கிய குச்சியை மொத்தமாக ஓர் ஓரத்தில் நடுங்கள், சொந்தக் குச்சியோடு கலக்காதீர்கள். அந்த ஓரத்தில் மாசி மாதம் முழுக்க வாரம் ஒரு தடவை நடந்து, முதல் கொத்தைக் கண்டதும் நுனியை வெட்டுங்கள். அந்த நுனியில் பத்துப் பூச்சியை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எனக்கு எழுதுங்கள்.